திட்டாத மனுவின் கடுமை

மலையில் தண்ணீர் தேங்காது என்பது சமவெளிக்காரர்களின் நம்பிக்கை. சரிவு இருந்தால் நீர் தானாக இறங்கிவிடும் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். சேர்வராயன் மலையில் இந்தக் கணக்கு செல்லாது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. அந்த ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளில் ஒன்று மாரமங்கலம். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டிலும் இங்கே மழை உண்டு. மலைச்சாலை என்பது சரிவை வெட்டி உருவாக்கிய ஒரு படி. மேலிருந்து இறங்கும் நீர் முழுவதையும் அது குறுக்கே மறித்துக்கொண்டு கிடக்கிறது. மறித்த நீரை வாங்க மலைப்பக்க ஓரத்தில் ஒரு வடிகால் வேண்டும். வடிகாலில் சேர்ந்ததைச் சாலைக்கு அடியில் கடத்திக் கீழ்ச்சரிவில் விட ஆங்காங்கே கல்வெர்ட் வேண்டும். இவற்றில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் சாலையே ஓடையாகிவிடும். சாலை சற்றுத் தாழும் இடத்திலும், வளைவின் உட்புறத்திலும், இருபுறமும் வீடுகள் நெருங்கிய ஊர்த்தெருவிலும் அந்த ஓடை குட்டையாக நின்றுவிடும்.

இப்படி நீர் நிற்கும் சாலையைப் பற்றி அதிகாரிகளிடம் எப்படி முறையிடுவது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. வசை வேண்டாம், மரியாதையாகக் கேளுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது நல்ல பழக்கம் பற்றிய அறிவுரையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது, அதனாலேயே கோபத்தில் இருப்பவர் காதில் ஏறுவதில்லை. நான் வேறொன்றைச் சொல்ல வருகிறேன். தண்ணீர் தேங்கும் சாலை விஷயத்தில் வசை பயன்படாததற்குக் காரணம் அது பண்பற்றது என்பதல்ல. ஒரு பொறியாளர் வேலையைத் தொடங்கத் தேவையான தகவல் எதுவும் அதில் இல்லை என்பதுதான் காரணம். எந்தச் சாலை, யாருடைய சாலை, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும், எந்த நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பவற்றைச் சொல்லும் மனு மரியாதையான மனு மட்டுமல்ல, மறுக்க முடியாத மனுவும்கூட. திட்டாத மனுதான் இரண்டில் கடுமையானது.

தகவல் என்று எதைச் சொல்கிறேன் என்பதை முதலில் விளக்க வேண்டும். ‘ரோட்டில் தண்ணி நிக்குது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. மழை பெய்யும்போது நீர் சாலையின் மேல் புரண்டு ஓடி, மழை விட்டதும் சீக்கிரம் வடிந்து, மண்ணையும் சருகையும் மட்டும் விட்டுச் சென்றால் அது வழி அடைந்த நோய். வடிகாலோ கல்வெர்ட்டின் வாயோ அடைபட்டிருக்கிறது, அல்லது குழாய் போதவில்லை. மழை விட்டு இரண்டு மூன்று நாளாகியும் அதே இடத்தில் நீர் நின்றால் அது மட்டம் தவறிய நோய். அந்த இடம் சுற்றிலும் உள்ளதைவிடத் தாழ்ந்துவிட்டது, வடிகாலை எவ்வளவு தூர்வாரினாலும் நீர் மேலேறிப் போகாது. மழையே இல்லாத வாரத்திலும் சாலை ஈரமாகவே இருந்து, தார் உப்பிப் பெயர்ந்தால் அது ஊற்றுநீர். மலைக்குள் ஊறிய மழை சாலையின் வெட்டுமுகத்தில் கசிந்து அடித்தளத்துக்குள் புகுகிறது. அதற்கு மலைப்பக்கத்தில் ஆழமாக வெட்டி, கல் நிரப்பிய நிலத்தடி வடிகால் வேண்டும். முதல் நோய்க்கு மண்வெட்டி போதும், இரண்டாவதற்கு ரசமட்டமும் தாரும் வேண்டும், மூன்றாவதற்கு எஸ்டிமேட்டும் நிதி ஒதுக்கீடும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. எந்த நோய் என்று சொல்லாமல் ‘நடவடிக்கை எடுங்கள்’ என்று கேட்டால், மூன்றில் செலவு குறைந்தது எதுவோ அதுவே நடக்கும். குழியில் ஒரு டிப்பர் கிராவல் மண் கொட்டப்படும். அடுத்த மழையில் அந்த மண்ணே கல்வெர்ட்டின் வாயை அடைக்கும்.

முதல் நோயின் அளவை ஒரு சின்னக் கணக்கு காட்டும். ஒரு ஹெக்டேர் காப்பித் தோட்டச் சரிவில் மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் மழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். பெருமழை நாளில் இது அசாதாரணமான வேகமல்ல. ஒரு மணியில் விழும் நீர் 500 கன மீட்டர். நிழல் மரமும் சருகும் உள்ள தோட்டம் அதில் பாதியைக் குடித்துவிட்டாலும், மீதி 250 கன மீட்டர் கீழே வரும், அதாவது நொடிக்குச் சுமார் 70 லிட்டர். ஒரு கல்வெர்ட்டுக்கு மேலே ஐந்து ஹெக்டேர் சரிவு இருந்தால் நொடிக்கு 350 லிட்டர். இரண்டடி விட்டமுள்ள குழாய், வாய் சுத்தமாக இருக்கும்போதே, இந்த நீரை வாங்கத் திணறும். அந்த வாயில் சவுக்குமர இலையும் காப்பிக் கவாத்துக் கிளையும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து பாதி அடைத்திருந்தால் நீர் தாருக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. சேர்வராயன் தோட்டங்களில் ‘சவுக்கு’ என்று சொல்லப்படும் சில்வர் ஓக் மரம் இலை உதிர்ப்பதும், கவாத்து செய்த கிளைகள் சாலையோரத்தில் குவிக்கப்படுவதும் இங்கே கவனிக்க வேண்டியவை. அடைப்பின் ஒரு பங்கு அரசு அலுவலகத்திலிருந்து வருவதல்ல, தோட்டத்திலிருந்து வருகிறது. அதையும் எழுதும் மனுவை எளிதில் ஒதுக்க முடியாது, ஏனென்றால் அதில் ஒருதலைப்பட்சம் இல்லை.

இரண்டாவது நோயான மட்டத்தவறு மெல்ல மெல்லச் சேர்வது, அதனால் கண்டுபிடிப்பது கடினம். மலைச்சாலைகளில் சாலையின் முழு அகலமும் மலைப்பக்க வடிகாலை நோக்கிச் சாய்ந்திருப்பதுண்டு. நூற்றுக்கு இரண்டரைப் பங்கு சாய்வு என்று வைத்தால், 3.75 மீட்டர் அகலமுள்ள ஒற்றைச் சாலையில் ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். ஒன்பது சென்டிமீட்டர் என்பது மூன்றரை அங்குலம்தான். வடிகால் ஓரத்தில் மட்டும் இரண்டு முறை ஒட்டுப்போட்டாலே அந்தச் சாய்வு செத்துவிடும். ஊர்த்தெருவில் இதன் மறுபக்கம் தெரியும். பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத்தளம் போட்டுக்கொண்டே வந்தால் தெரு உயரும், வீட்டுவாசல் பள்ளமாகும், வடிகாலின் வாய் சாலைக்குக் கீழே புதைந்துபோகும். 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத்தளம் போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். தன் தெருவில் நீர் நிற்பவர் அந்த அறிவுறுத்தலைக் குறிப்பிட்டு, தளம் போடும் முன் சுரண்டப்பட்டதா என்று கேட்கலாம். இது வசையல்ல, ஆனால் இதற்குப் பதில் எழுத உட்காரும் அலுவலர் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும்.

சாலை யாருடையது என்ற கேள்வியில்தான் பெரும்பாலான முறையீடுகள் வழிதவறிப் போகின்றன. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, ஊராட்சிச் சாலைகளையும் அவற்றிலுள்ள பாலம், கல்வெர்ட், வடிகால்களையும் கட்டிப் பராமரிப்பதைக் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளில் ஒன்றாக 110ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. ஊராட்சி ஒன்றியச் சாலைகள் 112ஆம் பிரிவின்படி ஒன்றியத்தின் பொறுப்பு. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை என்று வகைப்படுத்தப்பட்டவை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால் இன்னொரு கிளை பிரிகிறது. போட்டு முடித்த ஐந்து ஆண்டுகளுக்கு அதன் வழக்கமான பராமரிப்பு ஒப்பந்ததாரரின் கடமை, அது ஒப்பந்தத்திலேயே அடக்கம். சாலை தொடங்கும் இடத்தில் நிற்கும் பெயர்ப்பலகையில் பணி முடிந்த தேதி இருக்கும். அந்தத் தேதியைப் பார்த்து எழுதிக்கொண்டாலே, ‘நிதி இல்லை’ என்ற பதில் அங்கே செல்லுமா செல்லாதா என்பது தெரிந்துவிடும். மலைக்கிராமத்தில் ஒரே பாதையில் மூன்று கிலோமீட்டருக்குள் இரண்டு துறைகளின் சாலை மாறி மாறி வரக்கூடும். வனத்துறை நிலமும் குறுக்கிட்டால் மூன்று. இந்தக் குழப்பத்துக்கு அலுவலர் ஒருவரைத் தனியாகத் திட்டுவதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை. நெடுஞ்சாலைத் துறையின் கல்வெர்ட்டைத் தூர்வார வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அதிகாரமே கிடையாது.

மாரமங்கலம் போன்ற ஊராட்சிக்கு 2025இல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம ஊராட்சிகளின் ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. அதன் பிறகு நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவரின் வீட்டு வாசலில் நின்று கேட்பதும், தெருமுனையில் மடக்கிக் கேட்பதும் மலையூர்களில் நெடுநாள் பழக்கம். தலைவர் இல்லாத காலத்தில் அந்த வாய்வழி முறையீடு யார் காதில் விழுந்தது என்பதற்கு எந்தத் தடமும் இருக்காது. தடம் வைக்கும் முறையீடு, அதாவது தேதியும் ரசீதும் உள்ள மனு, இந்த நிலையில் முன்பைவிட அவசியமாகிறது. மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று மாநில அரசின் ஆணை இருக்கிறது. அந்த ஒரு மாதம் எந்த நாளில் தொடங்கியது என்பதை ரசீது மட்டுமே சொல்லும்.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். கீழே வருவது நடந்த ஒன்றல்ல, மலையூர்ச் சாலைகளில் வழக்கமாகக் காண்பதை வைத்துக் கட்டியது. சாலை ஊராட்சியுடையது, நோய் முதல் வகை என்று கொள்வோம். ஏற்காடு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) அவர்களுக்கு எழுதி, ஒன்றியப் பொறியாளருக்கு நகல் அனுப்பும் மனுவின் உடல் இப்படி அமையலாம்: ‘மாரமங்கலம் ஊராட்சியில் பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்குச் செல்லும் ஊராட்சிச் சாலையில், பள்ளிக்கு முன் உள்ள இரண்டாம் வளைவில் மழை பெய்யும்போதெல்லாம் நீர் சாலையின் மேல் ஓடுகிறது. மழை விட்ட பிறகு வடிந்துவிடுகிறது. வளைவுக்கு மேலே உள்ள குழாய்க் கல்வெர்ட்டின் வாய் மண்ணாலும் கிளைகளாலும் முக்கால் பங்கு மூடியிருப்பதே காரணம் என்று கருதுகிறோம். கல்வெர்ட்டின் வாய், சாலையில் நீர் ஓடும் நிலை, குச்சி நட்டு அளந்த ஆழம் ஆகியவற்றைக் காட்டும் மூன்று படங்கள் தேதியுடன் இணைக்கப்பட்டுள்ளன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பர் மாத இறுதிக்குள், கல்வெர்ட்டையும் அதற்கு மேலே ஐம்பது மீட்டர் வடிகாலையும் தூர்வாரித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். தூர்வாரிய மண்ணைச் சாலையோரத்தில் விடாமல் அப்புறப்படுத்தவும் வேண்டுகிறோம். குழாயின் அளவு போதுமா என்பதைப் பொறியாளர் மழைநாள் ஒன்றில் நேரில் பார்த்துத் தெரிவித்தால் நிரந்தரத் தீர்வுக்கு உதவும். தோட்ட உரிமையாளர்களிடம் கிளைகளை வடிகாலில் போட வேண்டாம் என்று ஊர் சார்பில் பேசியுள்ளோம்.’

இதில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. ஆனால் படிக்கும் அலுவலருக்குத் தப்பிக்கும் இடைவெளிகள் மிகக் குறைவு. ‘இடம் தெரியவில்லை’ என்று சொல்ல முடியாது. ‘எங்கள் சாலை இல்லை’ என்றால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னால் அது யாருடையது என்பது வெளிவரும். ‘பெரிய வேலை, நிதி வரட்டும்’ என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தூர்வாருவதும் குழாயின் அளவைச் சரிபார்ப்பதும் இரண்டு தனிக் கோரிக்கைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. காலக்கெடு கேட்டவரின் பொறுமையைப் பொறுத்துக் குறிக்கப்படவில்லை, பருவமழையைப் பொறுத்துக் குறிக்கப்பட்டிருக்கிறது. இந்த மனுவில் ‘பொறுப்பற்ற அதிகாரிகளே’ என்று ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். பதில் சொல்ல வேண்டிய ஆறு விஷயங்களுக்கு நடுவில் பதில் சொல்ல வசதியான ஏழாவது விஷயம் ஒன்று கிடைத்துவிடும். அலுவலகப் பேச்சு அதைப் பற்றியதாகவே இருக்கும். நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆபாசமாகப் பேசியதாகச் சொல்லும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி) பிரிவு தமிழ்நாட்டின் முதல் தகவல் அறிக்கைகளில் மிகவும் பழக்கமானது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சாலைநீர் பற்றிய வழக்கு வசைச்சொல் பற்றிய வழக்காக மாற ஒரு வாக்கியம் போதும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மரியாதையாகக் கேட்டுக் கேட்டுத்தான் மலைவாழ் மக்கள் இவ்வளவு காலம் சேற்றில் நடந்தார்கள், கோபப்பட்டால்தான் ஜீப் மேலே ஏறி வருகிறது என்பார்கள். இதை ஏளனமாகத் தள்ள முடியாது. சாலை மறியல் செய்த இடத்துக்கு அலுவலர்கள் அன்றே வந்து பேசுவதும், மனுக்கள் மாதக்கணக்கில் கிடப்பதும் தமிழ்நாடு முழுவதும் பார்க்கும் காட்சி. ஆனால் கோபம் எதைக் கொண்டுவருகிறது, எதைக் கொண்டுவருவதில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நின்றது. அதே புயலில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணைக் கரையூர்கள் மூழ்கின. டிசம்பர் 3ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில், மறியலில் இருந்த மக்களைப் பார்க்கச் சென்ற அன்றைய வனத்துறை அமைச்சர் க. பொன்முடி மீதும் உடன் சென்றவர்கள் மீதும் சேறு வீசப்பட்டது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டுக்குள் ஆறு புகுந்தவர்களிடம் நிதானத்தைப் பற்றிப் பாடம் நடத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அடுத்த நாட்களின் பேச்சில் பெரும்பங்கு, சேற்றை வீசியது யார், எந்தக் கட்சிக்காரர் என்பதற்கே போனது. அணையைத் திறக்கும் எச்சரிக்கை ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை மணி நேரம் முன்பு போய்ச் சேர்ந்தது என்ற கேள்விதான் அந்த மக்களுக்கு உண்மையில் உதவக்கூடியது. அது அந்த இரைச்சலில் தேவையான அளவு கேட்கவில்லை.

ஆக, கோபம் கவனத்தைக் கொண்டுவருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனம் வந்து நிற்கும் அந்த அரைமணி நேரத்தில் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. மறியல் செய்யும் இடத்துக்கு வரும் தாசில்தாரிடம், ஏற்கெனவே இரண்டு முறை ரசீதுடன் கொடுத்த மனுவின் நகல் நீட்டப்பட்டால் அவர் ஒரு தேதியைச் சொல்ல வேண்டியிருக்கும். வெறும் கூச்சல் நீட்டப்பட்டால் ‘மேலிடத்துக்குத் தெரிவிக்கிறேன்’ என்பதோடு முடியும். மறியல் வேண்டுமா வேண்டாமா என்பது ஊர் எடுக்க வேண்டிய முடிவு. மறியலில் நிற்பவரின் கையிலும் வசையில்லாத மனுதான் பயன்படுகிறது என்பதே நான் சொல்வது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. மரியாதை என்ற பெயரில் பணிவை மறுபடி கற்றுக்கொடுக்கிறீர்களா என்பது அந்தக் கேள்வி. ‘தங்கள் சமூகத்துக்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்’ என்று தொடங்கி ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று முடியும் மனுமொழி காலனிய அலுவலகத்தின் எச்சம். அதை மலையாளிப் பழங்குடி மக்களின் வாயில் திணிப்பது அநியாயம். ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சொற்கள் தேவையே இல்லை. ஆனால் அந்தப் பணிவுமொழிக் காலத்திலேயே, கட்டுப்பாடான சொற்களில் மிகக் கடுமையான விஷயத்தை வைத்தவர்களும் சென்னை மாகாணத்தில் இருந்தார்கள். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று 1852இல் அமைத்த சென்னை மக்கள் சங்கம், வரிவசூலில் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்பது உள்ளிட்ட குறைகளை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பியது. கம்பெனியின் ஆதரவாளர்கள் முதலில் மறுத்தார்கள். கடைசியில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது, 1855இல் அதன் அறிக்கை சித்திரவதை நடப்பதை உறுதிசெய்தது. அந்த மனு வெள்ளைக்காரர்களைத் திட்டியிருந்தால் அதை ஒதுக்குவது எளிதாக இருந்திருக்கும். சரிபார்க்கக்கூடிய குற்றச்சாட்டாக இருந்ததால் சரிபார்க்க வேண்டியதாயிற்று. பணிவும் மரியாதையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பணிவு, அலுவலர் தரும் தயவை எதிர்பார்க்கிறது. மரியாதை, அவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று எடுத்துக்கொண்டு அவருடைய கடமையைப் பெயர் சொல்லிக் கேட்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களால் இதெல்லாம் முடியுமா என்றும் கேட்கலாம். ராஜஸ்தான் கிராமங்களை ஆராய்ந்து 2018இல் ‘கிளெய்மிங் தி ஸ்டேட்’ என்ற நூலை எழுதிய கேப்ரியல் க்ரக்ஸ்-விஸ்னர், ஏழைகளும் விளிம்புநிலை மக்களும் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே அரசிடம் உரிமை கேட்கிறார்கள் என்று கண்டார். தங்கள் சாதிக்கும் ஊருக்கும் அப்பால் பழக்கமும் நடமாட்டமும் உள்ளவர்களே அதிகம் கேட்கிறார்கள், அதிக வழிகளில் கேட்கிறார்கள் என்பதும் அவருடைய முடிவு. இதை மலைக்குப் பொருத்திப் பார்த்தால், சேலத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ போய்வரும் ஓர் இளைஞர் ஊரிலிருந்தால் மனு எழுதக் கை கிடைத்துவிடும். ஆனால் எங்கே எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது, எந்த வருடம் அது தொடங்கியது, முன்பு ஓடை எந்தப் பக்கம் போனது என்ற அறிவு பெரும்பாலும் எழுதத் தெரியாத பெரியவர்களிடம்தான் இருக்கிறது. மனு நன்றாக அமைய இரண்டும் சேர வேண்டும். சேர்வதற்கான சட்டப்படியான இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும். மழைக்கு முன் வடிகால் தூர்வாருவதைத் தீர்மானமாக வைக்க ஆகஸ்ட் 15 கூட்டம் பொருத்தமானது. அக்டோபர் 2 என்றால் பருவம் வாசலுக்கு வந்துவிட்டிருக்கும்.

அலுவலர்கள் பக்கத்திலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மக்கள் திட்டும் நிலைக்கு வருவதற்குப் பாதிப் பொறுப்பு அவர்களுடையது. பிரிட்டனில் 2007 முதல் இயங்கும் ‘ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்’ என்ற சாலைக்குறை தெரிவிக்கும் அமைப்பின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், முதல் புகார் சரிசெய்யப்பட்டவர் மறுபடி புகார் தர வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். அதன் மறுபக்கம் நமக்குப் பழகிய ஒன்று. ‘தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டு முடித்துவைக்கப்பட்டது’ என்று கைப்பேசிக்கு வரும் செய்தி. அனுப்பியதையே முடித்ததாகக் கணக்கு வைக்கும் இந்த வழக்கம், பொறுமையாக எழுதியவரின் வாயிலிருந்தே அடுத்த முறை வசையை வரவழைக்கிறது. தூர்வாரப்பட்டதா, எந்தத் தேதியில், எத்தனை மீட்டர் என்று மூன்று சொற்களில் எழுதினால் போதும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதுவதும் பதில்தான். மலையில் பணியாற்றும் ஓவர்சியருக்கு ஒன்பது ஊராட்சிகளின் கல்வெர்ட்டுகளையும் தினமும் பார்க்க இயலாது என்பது உண்மை. அதனால்தான் நன்றாக எழுதப்பட்ட மனு அவருக்குத் தொந்தரவல்ல, சம்பளமில்லாத கள ஆய்வு.

ஒரு மாதம் கடந்தும் பதில் வரவில்லை என்றால் இரண்டாவது மனு முதலாவதைவிடச் சுருக்கமாக இருக்க வேண்டும். முதல் மனுவின் தேதி, ரசீது எண், அதன் பிறகு பெய்த மழையில் நடந்தது, அவ்வளவுதான். அது சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்துடன், அந்தச் சாலையில் கடைசியாகச் செய்த பணியின் எஸ்டிமேட், அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்தப் பராமரிப்புக் காலம் ஆகியவற்றைக் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு உண்டு. இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று, ஆவணத்தை மட்டுமல்ல, நடந்த பணியையே நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு அது உரிமை தருகிறது என்பது. அளவுப் புத்தகத்தில் ‘வடிகால் 50 மீட்டர்’ என்று இருந்து, தரையில் டேப்பை நீட்டினால் இருபது மீட்டரே வருகிறது என்றால், அதன் பிறகு எந்தச் சொல்லும் சூடாக இருக்கத் தேவையில்லை.

சில இடங்களில் எவ்வளவு சரியான மனுவும் முட்டிக்கொண்டு நிற்கும். நீர் வெளியேற வேண்டிய கீழ்ச்சரிவு காப்புக்காடாக இருந்தால், புதிய வடிகாலை அங்கே வெட்ட ஊராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ தனி அதிகாரம் இல்லை. தாமதம் ஒருவரின் அலட்சியத்தால் வருவதல்ல, இரண்டு சட்டங்களின் எல்லையில் வருவது. அங்கே சாலையையும் அதன் வடிகாலையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அதற்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. மலைக்கிராமத்துக்கான சாலை உள்ளிட்ட பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் ஒதுக்கலாம். அதற்குக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். அந்தப் பரிந்துரைத் தீர்மானத்துக்கும் சர்வே எண், நீளம், அகலம், வெட்ட வேண்டிய மரங்களின் எண்ணிக்கை எல்லாம் வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்க விரும்புகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் காட்டும் கோட்டை முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்வதிலிருந்து அது தொடங்குகிறது.